ஒன்பதாம் மாதத்துக் கடிதம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடித இலக்கியம் என்பது இந்த ஆண்டுச் சொற்பொழிவின் பொதுப் பொருள். என்னைப் போன்ற ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியருக்கு அதில் என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் நான் வேலை பார்த்த காலத்தில், ஆண்கள் பாதிப் பேர் சவூதியிலும் துபாயிலும் குவைத்திலும் இருந்தார்கள். கர்ப்பிணிகளைப் பார்க்க வீட்டுக்குப் போனால், "அக்கா, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு நீலத்தாளை நீட்டுவார்கள். வயிற்றை அளந்த கையோடு கடிதத்தையும் வாசித்துவிட்டு வருவேன். ஆகவே கணவன் எழுதிய கடிதத்தை நான் இலக்கியமாகப் படித்தவள் அல்ல. பிரசவத்துக்கான ஏற்பாடுகளில் ஒன்றாகப் படித்தவள். அந்தக் கோணத்திலிருந்துதான் இன்று பேசப்போகிறேன்.

பிறர் வீட்டுக் கடிதத்தை மேடையில் வாசிப்பது முறையல்ல. அதனால் பல கடிதங்களில் நான் கண்ட நல்ல பகுதிகளைச் சேர்த்து, 1986-ஆம் ஆண்டில் ஒருவர் எழுதியதைப்போல ஒரு மாதிரிக் கடிதத்தை நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கணவர் தம்மாமில் எலெக்ட்ரீசியன். மனைவிக்குத் தலைப்பிரசவம். முதலில் கடிதத்தைக் கேளுங்கள்.

*

தம்மாம்,
5-10-1986.

அன்புள்ள மனைவிக்கு,

நலம். நலமறிய ஆவல். வளைகாப்பு முடிந்து அத்தை வீட்டுக்குப் போய்விட்டதாக எழுதியிருந்தாய். ஆகவே இதை அந்த முகவரிக்கே போடுகிறேன். அத்தையையும் மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. இதே விவரத்தை எங்கள் அப்பாவுக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பயப்படாதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கே எனக்கும் அதே நினைப்புத்தான். பயத்தோடேயே இருவரும் செய்யவேண்டியதைச் செய்துவிடுவோம்.

நர்ஸ் நவம்பர் 17 என்று சொன்னாலும் அந்த ஒரு நாளையே பார்த்துக்கொண்டிருக்காதே. தீபாவளிக்கு முன்பும் வரலாம், கார்த்திகை பாதியிலும் வரலாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த நாளிலிருந்தே தயாராக இரு.

வலி வந்தாலோ, பன்னீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தை துடிப்பது குறைந்தாலோ உடனே அறந்தாங்கிக்குக் கிளம்பிவிடு. விடியட்டும் என்று இருக்கவேண்டாம். எனக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போகலாம் என்றும் இருக்கவேண்டாம். எங்கள் அம்மா அப்பாவைக் கேட்கவேண்டும் என்பதும் இல்லை. அத்தை கிளம்பு என்றால் கிளம்பு. உனக்கே தோன்றினாலும் கிளம்பு. புதுக்கோட்டைக்கு அனுப்பினால் போ. ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் செய்துகொள். இதில் பிற்பாடு என்னிடமிருந்து ஒரு சொல் வராது.

அப்பா பேருக்கு 3,000 ரூபாய் டிராஃப்ட் போன மாதமே அனுப்பிவிட்டேன். அதில் 1,500 ரூபாயை ரொக்கமாக மாமா கையில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு முன் வரவில்லை என்றால் உன் தம்பியை அனுப்பி வாங்கிக்கொள். இது பிரசவச் செலவுக்கு மட்டும். தீபாவளிக்கு இதிலிருந்து எடுக்கவேண்டாம். அதற்கு வேறாக அனுப்புகிறேன்.

கார்க்காரரிடம் மாமா இப்போதே பேசி வைக்கட்டும். தீபாவளி வாரத்தில் அவருக்கு வேறு சவாரி இருக்கும். அதனால் இன்னொருவரிடமும் சொல்லி வைக்கட்டும். என் தம்பியும் உன் தம்பியும் அறந்தாங்கிக்குப் போய் இரத்த வகை பார்த்துக்கொண்டு வரட்டும். என்னுடையது ஓ பாசிட்டிவ். உன் அட்டையில் என்னுடையதையும் குறித்துக்கொள்ளும்படி நர்ஸிடம் சொல்.

பிறந்ததும் தந்தி கொடுக்கச் சொல். முதலில் நீ எப்படி இருக்கிறாய் என்று இருக்கட்டும். பிறகு குழந்தை.

எனக்கு லீவு சித்திரையில்தான். அப்போது குழந்தைக்கு ஐந்து மாதம். குப்புற விழுந்திருக்கும். இரண்டு மாதம் உங்களோடு இருப்பேன். நீ எப்போது நம் வீட்டுக்குத் திரும்புவது என்பதை உன் உடம்பைப் பார்த்து நீயும் அத்தையும் முடிவு செய்யுங்கள்.

வலிக்கும்போது கத்து. யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். மற்றவை மறு கடிதத்தில்.

இப்படிக்கு,
உன் அன்புக் கணவன்.

*

இந்தக் கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? "சாப்பிடுகிறாயா", "தூங்குகிறாயா", "எந்த ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருக்கிறீர்கள்" என்று எதுவும் இல்லை. அது தற்செயல் அல்ல. தபால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த நாளில் சவூதியிலிருந்து எங்கள் ஊர்களுக்குக் கடிதம் வர ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அக்டோபர் 5-ஆம் தேதி எழுதியது 20-ஆம் தேதி வாக்கில் கிடைக்கும். அந்தப் பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கு தொடங்கியது பிப்ரவரி 10. அந்தத் தேதியோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டினால் நவம்பர் 17. நாங்கள் எல்லோரும் போடும் கணக்கு இதுதான். மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். ஆக, கடிதம் கைக்கு வரும்போது அவளுக்கு 36 வாரம் நிறைந்திருக்கும். அவள் அன்றே பதில் எழுதினாலும் அது நவம்பர் முதல் வாரத்தில்தான் தம்மாம் போய்ச் சேரும். அதற்கு அவர் எழுதும் பதில் திரும்பி வரும்போது பிரசவமே முடிந்திருக்கலாம்.

ஆகவே 36-வது வாரத்தில் கிடைக்கும் கடிதம்தான் பிரசவத்துக்கு முன் உதவக்கூடிய கடைசிக் கடிதம். அதில் கேள்வி கேட்டால் பதில் வந்து பயனில்லை. முடிவுகளைத்தான் சொல்லவேண்டும். எத்தனையோ கணவன்மார் பாசத்தோடு பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டு எழுதியிருந்தார்கள். வாசித்து முடித்ததும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு தவிப்பு வரும். இத்தனைக்கும் பதில் எழுதவேண்டுமே என்ற தவிப்பு. நல்ல கடிதம் அவளிடம் வேலை வாங்காது.

தேதியைப் பற்றி அவர் எழுதியதும் சரியானதே. குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கோ ஐந்தோதான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் வரை எப்போது பிறந்தாலும் அது இயல்பானதுதான். இந்தக் கணக்கில் அக்டோபர் 27 முதல் டிசம்பர் 1 வரை. தலைப்பிரசவம் கொஞ்சம் தள்ளிப் போவதும் உண்டு. "17-ஆம் தேதி" என்று மனதில் ஆணி அடித்துக்கொண்டவர்களுக்கு இரண்டு விதத்தில் தொல்லை. 2-ஆம் தேதி வலி வந்தால் சூட்டு வலி என்று சுக்குக் கஷாயம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 18-ஆம் தேதி ஆகியும் வரவில்லை என்றால் பயந்துபோவார்கள்.

கணவனின் விடுப்புக்கும் இது பொருந்தும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பை ஐந்து வாரம் நீளும் ஒரு காத்திருப்பின்மேல் வைத்துப் பார்ப்பது பெரிய சூதாட்டம். சித்திரையில் வருகிறேன் என்று அவர் எழுதியது அன்புக் குறைவால் அல்ல. பிரசவ அறைக்குள் அன்றைக்கு ஆணை விட்டிருக்கவும் மாட்டார்கள். ஐந்தாம் மாதத்தில், இரவெல்லாம் விழித்துக் களைத்துப் போயிருக்கும் மனைவிக்கு கைகொடுக்க இன்னோர் ஆள் கிடைப்பது பெரிய உபகாரம்.

முன்கூட்டியே கொடுத்த சம்மதம்

கடிதத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், "எனக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போகலாம் என்றும் இருக்கவேண்டாம்" என்ற வரியில் என்பேன்.

பிரசவத்தில் தாய் இறப்பது ஏன் என்பதைச் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர் 1994-இல் ஒரு கட்டுரையில் மூன்று தாமதங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று முடிவெடுப்பதில் முதல் தாமதம். போய்ச் சேருவதில் இரண்டாவது. போன இடத்தில் வைத்தியம் கிடைப்பதில் மூன்றாவது. இன்றைக்கும் தாய்சேய் நலத்துறையில் ஒரு மரணத்தை ஆராயும்போது இந்த மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கார் ஏற்பாடும் கைப்பணமும் இரண்டாவது தாமதத்துக்கு மருந்து. முதல் தாமதத்துக்கு மருந்து ஒரு சொல்தான். அந்தச் சொல்லைச் சொல்லவேண்டியவர் கடல் கடந்து இருந்தார்.

நான் வேலை பார்த்த ஊர்களில் வீட்டில் முடிவெடுப்பவர் கணவன், அவர் இல்லாவிட்டால் மாமனார், அவருக்குப் பின்னால் மாமியார். தலைப்பிரசவத்துக்கோ பெண் தாய்வீட்டில் இருப்பாள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு தயக்கம்: "சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துவிட்டார்கள் என்று நாளைக்குப் பேச்சு வருமே." அதனால் ஓர் ஆளைச் சைக்கிளில் அனுப்புவார்கள். அவர் போய், மாமனாரை எழுப்பி, அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, பார்த்து, யோசித்து, சரி என்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்ன விலை? பிரசவமான பிறகு அளவுக்கு மீறி இரத்தம் போகத் தொடங்கினால், வைத்தியம் இல்லாத நிலையில் தாய் உயிர் தாங்குவது சராசரியாக இரண்டு மணி நேரம் என்று கணித்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்பே இரத்தம் போனால் சுமார் 12 மணி நேரம். எங்கள் கரையோர ஊர்களிலிருந்து அறந்தாங்கிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து புதுக்கோட்டைக்கு இன்னும் அதே அளவு தூரம். கேட்டுவிட்டுக் கிளம்ப நேரமே இல்லை.

இப்போது கடிதத்தின் முதல் பத்தி ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். தாய்வீட்டு முகவரிக்குப் போட்டார். தன் மாமியார் மாமனார் காதில் விழும்படி வாசிக்கச் சொன்னார். தன் அப்பாவுக்கும் இதையே எழுதினார். சம்மதம் மனைவிக்கு மட்டும் தெரிந்திருந்தால் பயனில்லை. நெருக்கடியில் அவள் பேசும் நிலையில் இருக்கமாட்டாள். சுற்றி இருப்பவர்கள்தான் பேசுவார்கள். அவர்கள் எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருக்கவேண்டும். கணவன் மனைவிக்குள் மட்டும் பேசவேண்டியது இருந்தால் அதை வேறு கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம். ஏரோகிராம் தாளுக்குள் வேறு தாள் எதையும் வைத்து அனுப்ப அஞ்சல் விதியும் இடம் தரவில்லை.

ஒரு சட்டச் செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வயதுவந்த, நினைவோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அறுவைசிகிச்சை செய்ய அவளுடைய சம்மதமே சம்மதம். ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவள் தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்த சமீரா கோலி வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஆனால் நடைமுறையில் "வீட்டுக்காரர் எங்கே, யார் கையெழுத்துப் போடுவது" என்ற கேள்வி இன்றும் வார்டு வாசலில் எழுகிறது. "உனக்கே தோன்றினாலும் கிளம்பு" என்று நம் எலெக்ட்ரீசியன் எழுதியது சட்டம் தெரிந்து எழுதியதல்ல. ஆனால் சட்டம் சொல்வதும் அதைத்தான்.

பணம், கார், இரத்தம்

வளைகுடாப் பணம் வீட்டுக்கு வந்த வழியைப் பார்த்தால், அந்த 1,500 ரூபாய் ஏன் தனியாகக் குறிக்கப்பட்டது என்பது விளங்கும். டிராஃப்ட் பெரும்பாலும் கணவனின் அப்பா பெயருக்கு வரும். மனைவிக்கு வங்கிக் கணக்கு இருக்காது. டிராஃப்டைப் போட்டுப் பணமாக எடுக்க நாள் ஆகும். எடுத்த பணம் புகுந்த வீட்டில் இருக்கும். பெண்ணோ வேறு ஊரில் தாய்வீட்டில். கணவன் மாதா மாதம் அனுப்புகிறான் என்று ஊரே பேசும். ஆனால் இரவு ஒரு மணிக்குக் கார்க்காரருக்குக் கொடுக்க அந்த வீட்டில் கைப்பணம் இராது. "பணம் அனுப்பியிருக்கிறேன், கவலைப்படாதே" என்ற வரி எத்தனையோ கடிதங்களில் இருந்தது. அது பாதி ஏற்பாடுதான். யார் கையில், எந்தத் தேதிக்குள், வராவிட்டால் யார் போய் வாங்குவது என்ற மூன்றையும் சொன்னால்தான் முழு ஏற்பாடு.

இரத்த வகை பற்றிய வரியையும் கவனியுங்கள். தாய் நெகட்டிவ் வகையாக இருந்து குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால், பிறந்த 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி என்ற ஊசி போடவேண்டும். இல்லாவிட்டால் அவள் உடம்பு பாசிட்டிவ் இரத்தத்துக்கு எதிரான பொருளை உண்டாக்கி வைத்துக்கொண்டு, அடுத்த குழந்தையின் இரத்தத்தை அழிக்கக்கூடும். தகப்பனும் நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவ்தான், ஊசி வேண்டியதில்லை. அந்த ஊசி விலை உயர்ந்தது. பெரிய ஊர் மருந்துக் கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கவேண்டியிருந்தது. தகப்பனின் வகையைத் தெரிந்துகொள்ளத் தம்மாமுக்குக் கடிதம் எழுதிப் பதில் வர ஒரு மாதம். அவராகவே "ஓ பாசிட்டிவ்" என்று எழுதிவிட்டால் அந்த ஒரு மாதம் மிச்சம். ஊருக்கு வந்து செய்ய முடியாத எதையோ நினைத்து வருந்துவதைவிட, தன்னிடம் மட்டுமே இருக்கும் இந்த விவரத்தைத் தருவது மேல்.

ஆறுதல் எங்கே இருக்கிறது

"பயப்படாதே" என்று அவர் எழுதவில்லை. பயம் இருப்பதை ஒப்புக்கொண்டு, பயத்தோடு என்ன செய்வது என்று சொன்னார். செவிலியராக நான் கண்டதும் அதுதான். பயப்படாதே என்று சொல்லப்பட்ட பெண் பயத்தை மறைப்பாள். பயத்தை மறைப்பவள் தலைவலியையும் மறைப்பாள், முகம் வீங்குவதையும் சொல்லமாட்டாள். இவை இரத்த அழுத்தம் ஏறி ஜன்னி வரப்போவதன் அறிகுறிகள். அவற்றை அவள் வாய்விட்டுச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். "கத்து" என்று அனுமதி கொடுத்ததும் அதே வகை. சத்தம் போடாமல் பெற்றவள் கெட்டிக்காரி என்று பேசும் ஊரில், புருஷனே கத்தலாம் என்று எழுதியதை அம்மாவும் கேட்டிருக்கிறாள் என்பது ஒரு பெண்ணுக்குப் பெரிய பலம்.

தந்தி விஷயமும் ஆறுதலைச் சேர்ந்ததுதான். அன்று தந்தி என்றாலே துக்கச் செய்தி என்று நடுங்குவார்கள். சொல்லுக்குக் காசு என்பதால் சுருக்கி, "ஆண் குழந்தை" என்று மட்டும் அனுப்பிவிடுவார்கள். அங்கே அந்த மனிதர் மகிழ்வதா, தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று கலங்குவதா? "முதலில் நீ" என்று அவர் கேட்டுவைத்ததை மனைவி வாசித்தபோது, பிள்ளை பெறுவதற்கு மட்டும் தன்னை அவர் நினைக்கவில்லை என்பதை அறிந்துகொண்டிருப்பாள். அதைத் தனியாக ஒரு பத்தியில் உருகி எழுதவேண்டிய தேவையே அவருக்கு இல்லாமல் போயிற்று.

இன்றைக்கு

தந்தி 2013-இல் நின்றுபோனது. கடிதமும் நின்றது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு கார்க்காரரிடம் சொல்லி வைக்கும் வேலையும் பெரும்பாலும் குறைந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் வேலையில் இருக்கும் தகப்பனுக்கும் 2020 முதல் குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் ஐந்து நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. போக வர விமானச் செலவும் பயண நேரமும் போக, எங்கள் ஊர்க்காரர் பலருக்கு அது உதவுவதில்லை. என்றாலும் சட்டத்தில் இடம் உண்டு.

கைப்பேசி வந்ததால் முதல் தாமதம் ஒழிந்துவிட்டது என்று நினைப்போம். நான் ஓய்வு பெறும் தறுவாயில் கண்டது வேறு. 1986-இல் கேட்க வழியில்லாததால், நல்ல கணவன்மார் முன்கூட்டியே சம்மதம் கொடுத்து வைத்தார்கள். இப்போது கேட்க வழி இருப்பதால் எல்லோரும் கேட்கிறார்கள். "ஒரு நிமிஷம் டாக்டர், அவருக்கு ஒரு போன் போட்டுடறோம்." இங்கே இரவு இரண்டு மணி என்றால் சவூதியில் பதினொன்றரை. அவர் நைட் ஷிப்டில் இருப்பார். வேலையிடத்தில் போனை உள்ளே விடமாட்டார்கள். அல்லது தூங்கிப்போயிருப்பார். வாட்ஸ்அப்பில் இரண்டு டிக் வந்து, நீலமாகாமல் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு குடும்பம் வார்டு வாசலில் நிற்கும்.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் கணவன்மாருக்கு நான் சொல்வது இதுதான். 36-வது வாரத்தில் ஒரு நாள் இரு வீட்டாரும் இருக்கும்போது அழையுங்கள். "நான் போனை எடுக்காவிட்டாலும் கிளம்புங்கள், டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள், அவளே கையெழுத்துப் போடட்டும்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். அதையே குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிப் போட்டுவிடுங்கள். உங்கள் இரத்த வகை, பணம் யார் கையில், இரத்தம் கொடுக்க யார் யார் என்பதையும் அதிலேயே சேருங்கள். பத்து வரிக்கு மேல் போகாது. அதை எழுதிய பிறகு, ஆசையாகப் பேச வேண்டியதை ஆசை தீரப் பேசிக்கொள்ளுங்கள்.